தட்டில் முந்நூறு கிராம்

ஆனந்தராஜுக்கு டிபி என்று தெரிந்தது. திண்டிவனத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டார். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது மனைவி மலர்விழிக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. மாத்திரை ஆறு மாதம், ஒரு நாள்கூட விடக்கூடாது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கலோரியாவது உள்ளே போக வேண்டும்.

கலோரி என்றால் என்னவென்று அவள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போனில் ஒரு படம் அனுப்பினாள். அதில் ஆங்கிலத்தில் வரிசையாக உணவின் பெயர்களும் எதிரே எண்களும் இருந்தன. ரைஸ், நூறு கிராம், முந்நூற்றைம்பது. பத்தாவது படித்தவளுக்கு அதைப் படிப்பது சிரமமாக இல்லை. எடை போடுவதும் சிரமமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, பாக்கெட் போடும் கடையில் ஒன்பது வருஷமாகத் தராசுதான் அவள் வேலை. வீட்டுக்கும் ஒரு சின்னத் தராசு வாங்கினாள்.

மத்தியானம் முந்நூறு கிராம் சோறு, ராத்திரி முந்நூறு கிராம். வேளைக்கு ஆயிரத்து ஐம்பது. இரண்டு வேளைக்கு இரண்டாயிரத்து நூறு. காலையில் குடிக்கிற கேப்பைக் கூழும் குழம்பும் முட்டையும் அதற்கு மேல். மகள் ஆர்த்தியின் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தாள். அவர் தட்டில் மீதி வைப்பதே இல்லை. மென்று மென்று எல்லாவற்றையும் முடித்துவிடுவார்.

இரண்டாம் மாதக் கடைசியில் எடை முப்பத்தொன்பதரை என்று காட்டியது.

டாக்டர் நோட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இவ்ளோ சாப்பிட்டா எடை ஏறணுமே. மாத்திரை ஒழுங்கா போடறாராம்மா?"

"கையில எடுத்துக் குடுக்கறேன் சார். முழுங்கறாரு."

"முழுங்கறத நல்லா பாக்கறீங்களா? எதுக்கும் சளிய மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா இருந்தா வேற மருந்து பாக்கணும்."

பஸ்ஸில் திரும்பினார்கள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வெகுநேரம் நின்றது. மலர்விழிக்குக் கோபமோ பயமோ வரவில்லை. யாரோ ஒருவரின் வீட்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு வருவதுபோல இருந்தது.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது தலையணை உறைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பாயைத் தூக்கினாள். ஜன்னலுக்கு வெளியே குனிந்து தேடினாள். துப்பிய மாத்திரை ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் தினமும் காலையில் மாத்திரை கொடுத்த கையோடு எதிரிலேயே நின்றாள்.

"வாயத் தொறங்க."

அவர் திறந்தார்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினார். ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. ஆர்த்தி அந்த நேரத்தில் ஜடை பின்னுகிறமாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். மலர்விழி எச்சில் வழியும் அந்த வாய்க்குள் பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு நாள் இப்படி நடந்தது.

டெஸ்ட் ரிசல்ட் வந்தது. கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றார் டாக்டர். அப்படியானால் எடை ஏன் இறங்குகிறது என்று அவருக்கே புரியவில்லை. நோட்டோடு அவர்களைக் கீழ்த்தளத்தில் உணவு ஆலோசகர் அஸ்வினியிடம் அனுப்பினார்.

அஸ்வினிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நோட்டை நிதானமாகப் புரட்டினாள்.

"அக்கா, மத்தியானத்துக்கு எவ்வளவு அரிசி போடுவீங்க?"

"கால் கிலோ. எடை போட்டுத்தான் போடுவேன்."

"எத்தினி பேருக்கு?"

"மூணு பேருக்கு. இவரு, நானு, பொண்ணு."

"வெந்ததும் மொத்தச் சோறு எவ்வளவு இருக்கும்?"

"எழுநூறு கிராம் வரும். இவருக்கு முந்நூறு வச்சிட்டு மீதிய நாங்க ரெண்டு பேரும் சாப்புட்டுக்குவோம்."

அஸ்வினி ஒரு தாளில் எழுதினாள். "கால் கிலோ அரிசிக்கு மொத்தம் எண்ணூத்தி எழுபத்தஞ்சு கலோரிதான்க்கா. பானையில இருக்கறதே அவ்ளோதான். அதுல பாதிகூட இல்ல இவரு தட்டுல. நீங்க ஆயிரத்து அம்பதுன்னு எழுதியிருக்கீங்க."

மலர்விழி தாளைப் பார்த்தாள். போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். அஸ்வினி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தலைப்பு இருந்த மேல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

"இது பச்சையா, சமைக்காத அரிசிக்கு உண்டான கணக்கு. இங்கிலீஷ்ல அரிசிக்கும் ரைஸ்தான், சோத்துக்கும் ரைஸ்தான். நீங்க சோத்த எடை போட்டு அரிசி கணக்குல பெருக்கிட்டீங்க. வேவும்போது தண்ணிதான் உள்ள போவுது. எடை ஏறும், கலோரி ஏறாது."

"அப்ப இவரு தட்டுல?"

"எழுநூறுல முந்நூறு. எண்ணூத்தி எழுபத்தஞ்ச எழுநூறால வகுத்து முந்நூறால பெருக்குங்க. முந்நூத்தி எழுபத்தஞ்சு. கஞ்சிய வடிப்பீங்களா?"

"வடிச்சிடுவேன்."

"அதுலயும் கொஞ்சம் போயிடும். ரெண்டு வேளைக்குச் சேத்து எழுநூத்தி அம்பதுகூட முழுசா வராது."

ஆனந்தராஜ் நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மலர்விழி மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கூழையும் முட்டையையும் சேர்த்தாலும் ஆயிரத்து முந்நூறைத் தாண்டவில்லை. அவரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்று ஒரு வாக்கியம் வந்தது. அது வந்து நின்றது, அவ்வளவுதான். அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

"சோத்தையே ரெண்டு மடங்கு வச்சா தின்ன முடியாதுக்கா. குக்கர்ல வைங்க, வடிக்காதீங்க. தட்டுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் ஊத்துங்க. தினம் ரெண்டு முட்டை. அம்பது கிராம் மல்லாட்டை குடுத்தா கிட்டத்தட்ட முக்கா தட்டு சோறு தின்ன மாதிரி. காலையில அம்பது, சாயந்திரம் அம்பதுன்னு குடுங்க."

மல்லாட்டை. நாளெல்லாம் அவள் கையால் அள்ளிப் பையில் போடுவது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கால் கிலோ அரிசியைக் கழுவுவதற்கு முன்னால் எடை போட்டுக் குக்கரில் வைத்தாள். முதலில் வெறும் குக்கரின் எடையை எழுதிக்கொண்டாள். வெந்தபிறகு சோற்றோடு நிறுத்து, குக்கர் எடையைக் கழித்தாள். எழுநூற்றைம்பது. தட்டில் முந்நூறு வைத்தாள். முந்நூற்றைம்பது கலோரி. நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதினாள். பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை.

தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கணக்க நான்தான் தப்பா போட்டேன். உங்கள சந்தேகப்பட்டுட்டேன்."

அவர் சோற்றில் எண்ணெயைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பசிக்குதுன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாமில்ல?"

"பசிச்சுது," என்றார். "நீ நோட்டுல எழுதி வச்சிக்கினு இருந்த. போதும்னு அதுல இருந்துச்சு. நோயாலதான் இப்பிடிப் பசிக்குதோன்னு இருந்துட்டேன்."

"வாயத் தொறன்னு சொன்னப்ப?"

"பாத்துட்டாவது நம்பட்டும்னு."

அவள் தலையாட்டினாள். ஆர்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் எடை நாற்பதே முக்கால் காட்டியது. அதற்கடுத்த மாதம் நாற்பத்திரண்டு. டாக்டர் "நல்லது" என்று எழுதி, அடுத்த தேதியைக் கொடுத்தார். மலர்விழி சீட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். சந்தோஷம் என்ற ஒன்று வர வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரும்போது வரட்டும் என்று விட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்பெல்லாம் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்கிறவர், அன்று விழித்தபடி வந்தார்.

"நீ காலையில இன்னா சாப்புட்ட?" என்று கேட்டார்.

மலர்விழி யோசித்தாள். சாப்பிட்டோமா என்பதே நினைவுக்கு வரவில்லை.

"எறங்குனதும் ஓட்டலுக்குப் போவலாம்," என்றார் அவர். அவள் சரி என்றாள்.