கடனைக் கட்டிய கொளஞ்சியம்மாள் யார்?

கடனைக் கட்டி முடிக்க கொளஞ்சியம்மாளுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. கட்டி முடித்தாயிற்று என்று ஒரு காகிதம் வாங்குவதற்குள் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. கடன் அவளுடையது, கொதிப்பு மட்டும் என்னுடையது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கொளஞ்சியம்மாள் அங்கே ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிறை ஈர ஸ்பாஞ்சாலும் உப்புத் தாளாலும் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அவள் கை பட்டால் குதிரைக்குக்கூடக் கன்னம் வழவழப்பாகிவிடும். புயலில் வீட்டுக் கூரை போனபோது, கடைவீதி பேங்கில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினாள். அப்போது அவளுக்கு எழுதத் தெரியாது. புரோநோட்டில் இடது கைப் பெருவிரலை உருட்டினாள். அப்போதிருந்த மேனேஜர் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான் ஜாமீன் போட்டேன்.

அன்றைக்கு விரலில் ஒட்டிய மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இனிமே செத்தாலும் இந்த வெரல நீட்ட மாட்டேன் தம்பி" என்று சொன்னாள். சொன்னபடி செய்தாள். ரேஷன் கார்டில் இருந்த தன் பெயரைப் பார்த்துப் பார்த்து, காயாத பொம்மைகளின் அடியில் ஊசியால் கீறிப் பழகினாள். ஒரு தடவை இருநூறு பிள்ளையார்கள் வயிற்றுக்கடியில் 'கொளஞ்சியம்' என்ற பெயரோடு சூளைக்குப் போய்விட்டன. முதலாளி கத்தினார். அவள் வருத்தப்பட்டது வேறு விஷயத்துக்கு: இடம் போதாமல் 'மாள்' விட்டுப்போயிருந்தது.

எழுபத்தாறில் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட் குத்தகைக்குக் காலியாயிற்று. அவளுக்குச் சொந்தமாகப் பொம்மை போட வேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தோடு, பேங்கில் பாக்கி இல்லை என்ற சான்றும் வைக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ஷெட் வேறு ஆளுக்குப் போய்விடும். கடைசித் தவணையைப் போன மாதமே கட்டியிருந்தாள். ஆகவே திங்கட்கிழமை நான் மனு எழுதினேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, தங்கள் கிளையில் நான் பெற்ற தனிநபர் கடனை அசலும் வட்டியுமாக முழுவதும் செலுத்திவிட்டேன். எனவே கடன் கணக்கை முடித்து, நான் எழுதிக்கொடுத்த புரோநோட்டை ரத்து செய்து திருப்பித் தருமாறும், நிலுவை இல்லை என்ற சான்று வழங்குமாறும், ஜாமீன்தாரரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே அவள் கையெழுத்து. நெற்றி வியர்க்க எழுதினாள். கடைசித் தவணை ரசீதையும் பின் குத்தி எடுத்துக்கொண்டு போனோம்.

ஹெட் கிளார்க் ஜம்புலிங்கம் புதிதாக மாற்றலாகி வந்தவர். லெட்ஜரைப் புரட்டினார், பாக்கி பூஜ்யம் என்று ஒத்துக்கொண்டார். பிறகு புரோநோட்டை எடுத்து மனுவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"இந்தாம்மா, கடன் வாங்குனவங்க கைநாட்டு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அப்ப தெரியாதுங்க. இப்ப கத்துக்கிட்டேங்க."

"அது உங்க சௌகரியம். எங்க ரெக்கார்டுபடி கொளஞ்சியம்மாளுக்கு எழுதத் தெரியாது. உங்களுக்குத் தெரியுது. அப்ப நீங்க எப்பிடி அவங்களா இருக்க முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "சார், நான்தான் ஜாமீன்தாரர். இவங்கதான் அவங்கன்னு நான் சொல்றேன்" என்றேன்.

"கணக்கு முடிஞ்சா உங்களுக்கு விடுதலை. ஆதாயம் இருக்கிறவர் சாட்சி செல்லாதுங்க, தங்கதுரை."

"உங்க கேஷியர் மூணு வருஷமா இவங்ககிட்ட பணம் வாங்கியிருக்காரே, அவரக் கேளுங்க."

கேஷியர் கம்பிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். "நான் நோட்டத்தான் பாப்பேன் சார். மூஞ்சியப் பாத்தா எண்ணிக்க தப்பிடும்."

"அப்ப நான் கட்டுன பணம்?" என்றாள் கொளஞ்சியம்மாள். "நான் அவ இல்லன்னா எம் பணத்தக் குடுத்துடுங்க. அவ வந்து கட்டிக்கட்டும்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஜம்புலிங்கம் அசரவில்லை. "கடன் கணக்குல யார் வேணும்னாலும் பணம் கட்டலாம். அதுக்கு அடையாளம் தேவையில்ல. புரோநோட்டத் திருப்பிக் குடுக்கத்தான் அடையாளம் தேவை. தப்பான ஆள்கிட்ட குடுத்துட்டா எஞ் சம்பளத்துல கைய வைப்பாங்க" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இப்ப என்னா பண்ணணும்ங்க?"

"ஒண்ணும் கஷ்டமில்ல. மேனேஜர் முன்னால பழைய கைநாட்டையும் வைங்க, புதுக் கையெழுத்தையும் போடுங்க. ரெண்டும் ஒரே ஆள்துன்னு பதிஞ்சுட்டா முடிஞ்சுது."

வெளியே வந்து, பேங்க் வாசல் வேப்ப மரத்தடியில் நின்றாள். "மாட்டேன் தம்பி" என்றாள். "ஷெட்டு போனா போவுது." நாலு அடி நடந்தவள் திரும்பி, "போனா திரும்ப வருமா?" என்று அவளே கேட்டாள். என்ன சொன்னாலும் அவளுக்கு வலிக்கும்.

மறுநாள் விரலை நீட்டினாள். மேனேஜர் அறையில் ஜம்புலிங்கமே அவள் பெருவிரலைப் பிடித்து மையில் புரட்டி, தாளில் உருட்டினார். கொளஞ்சியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலை எடுத்தால் தாளில் ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான், ரேகை என்று ஒரு கோடுகூட இல்லை. மறுபடி உருட்டினார். மை குறைத்து உருட்டினார். துடைத்துவிட்டு உருட்டினார். தாள் முழுக்கப் பொட்டுகள்.

"என்னாம்மா வெரலு இது?"

"பொம்மயத் தேய்க்கிற வெரலுங்க. அதுவும் தேஞ்சு போச்சு."

ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்கு வழவழப்பு கொடுத்ததில் அவள் விரலும் பொம்மையாகிவிட்டது. புரோநோட்டில் இருந்ததோ நெளிநெளியாகத் தெளிவான ரேகை. ஜம்புலிங்கம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இப்ப கையெழுத்தும் சேரல, கைரேகையும் சேரல. நேத்திக்கு ஒரு சந்தேகம்தான் இருந்துது."

அவ்வளவு தூரம் இறங்கி வந்து விரலை நீட்டியும் பிரயோஜனமில்லாமல் போனதில் அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. கனமான மேஜை.

மேனேஜர் நல்லவர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "பழைய மேனேஜருக்கு எழுதிக் கேக்கலாம், அவர் வடக்க இருக்கார், பதில் வர மாசமாவும்" என்றார். பிறகு அவளைத் தேற்றுகிற மாதிரி, "வேணும்னா புதுசா ஒரு கடன் தரேம்மா. புதுப் பார்ட்டியா வாங்க. அதுக்கு இந்தக் கையெழுத்தே போதும்" என்றார்.

"கடன் குடுக்க என்ன நம்புறீங்க. கடன் இல்லன்னு எழுதிக் குடுக்க மட்டும் நம்ப மாட்டீங்களா?"

மேனேஜர் பேனா மூடியைக் கடித்தார். ரொம்ப நேரம் கடித்தார். பிறகு ஜம்புலிங்கத்திடம், "நம்ம ரெக்கார்டுல கொளஞ்சியம்மாள் விலாசம் இருக்குல்ல? அந்த விலாசத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால், அக்னாலட்ஜ்மெண்டோட போடுங்க. தபால்காரர் அந்த ஆள்கிட்ட குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வருவாரு. அந்தக் கையெழுத்தும் மனுவுல இருக்கிற கையெழுத்தும் ஒண்ணா இருந்தா, நான் என் பொறுப்புல ஏத்துக்கறேன்" என்றார்.

"லெட்டர்ல என்னா சார் எழுதறது?" என்றார் ஜம்புலிங்கம்.

மேனேஜர் யோசித்தார். "நேர்ல வரச் சொல்லி எழுதுங்க."

கொளஞ்சியம்மாள் நேரில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளை நேரில் வரச் சொல்லும் கடிதத்தை அவள் கண்ணெதிரிலேயே டைப் அடித்தார்கள். டைப்பிஸ்ட் ஒரு இடத்தில் நிறுத்தி, "இனிஷியல் என்னாங்கம்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவளை நம்பினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் பழமலை கம்பெனிக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "வூடு பூட்டியிருக்குதே, இங்கதான் இருப்பன்னு வந்தேன். ஒனக்கு ரிஜிஸ்டர் தபாலு வந்துருக்குது அக்கா."

"நான்தான் கொளஞ்சியம்மான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

பழமலை என்னைப் பார்த்தார். "வெயில்ல வேல செய்யுதா இது?" என்றார்.

மைப் பெட்டியை எடுத்தவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கவரோடு வந்த அக்னாலட்ஜ்மெண்ட் அட்டையில் கையெழுத்துப் போட்டாள். அவர் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு பேங்கே சேர்ந்து முடியாததை, ஒரு மனுஷன் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் முடித்துவிட்டுப் போகிறானே என்று எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

கவரை அவள் உடனே பிரிக்கவில்லை. களிமண் அப்பிய கையைக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் பிரித்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் உதவிக்குப் போனேன், தள்ளி நிற்கச் சொன்னாள். "எனக்குன்னு வந்த மொத தபாலு தம்பி. மரியாதையா எழுதியிருக்காங்க. வாங்கன்னு போட்டுருக்குது."

அட்டை வெள்ளிக்கிழமை மாலை பேங்குக்குத் திரும்பிவிட்டது. சனிக்கிழமை அரை நாள். பத்து மணிக்கே போய் நின்றோம். ஜம்புலிங்கம் அட்டையையும் மனுவையும் ஒட்டி வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். 'கொ' பார்த்தார், 'ள' பார்த்தார். கடைசியில், "சேருது" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

மேனேஜர் சான்றில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். கணக்கு முடிக்கப்பட்டது, நிலுவை ஏதுமில்லை என்று இருந்தது. ஜாமீன் கடிதத்தை என்னிடம் நீட்டினார்கள். புரோநோட்டில் 'ரத்து' என்று சிவப்பு மையில் குறுக்கே எழுதி, பெற்றுக்கொண்டதற்கு ரிஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பினார் ஜம்புலிங்கம். பின்னால் வரிசையில் ஆட்கள் நெளிந்தார்கள்.

"சுருக்கமாப் போட்டாப் போதும்மா. நேரமாவுது."

"முழுசாத்தாங்க போடுவேன். திரும்பவும் சேரலன்னு சொல்லிடப் போறீங்க."

எழுதினாள். வரிசை காத்திருந்தது, கேஷியர்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாளும் போட்டு, மேலே புள்ளியும் வைத்துவிட்டுத்தான் பேனாவை மூடினாள்.

சான்றை மடித்து என் சட்டைப் பையில் வைத்து, "ஓடு தம்பி, ஷெட்டு ஆபீஸ மூடிடுவாங்க" என்றாள். நான் நகர்ந்தும் அவள் வரவில்லை. புரோநோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்புக் கோட்டுக்கு அடியில் நெளிநெளியாக இருந்த அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"பாவம் தம்பி" என்றாள். "இவ கடன் வாங்குனா. நான் கட்டிட்டேன்."