எட்டு செ.மீ. கோடு

இரண்டாவது கையெழுத்து வாங்காத எந்தப் பயிற்சித்தாளும் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது என்பது அந்த மெட்ரிக் பள்ளியில் 2008 ஜூன் மாதம் வந்த சட்டம். வரக் காரணம், அதற்கு முந்தைய வருடம் இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு தாள். எத்தனை 'குவார்ட்டர்' காசு சேர்ந்தால் ஒரு டாலர் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டிருந்தது. சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸேறி வந்த ஒரு தகப்பனார் தலைமையாசிரியை பாத்திமா சிஸ்டரின் மேசைமேல் அதை விரித்து வைத்து, "ஏன் சிஸ்டர், எங்க பிள்ளை அமெரிக்காவுல கடை வைக்கப் போகுதா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் கணக்குத் துறைக்குப் பொறுப்பான ரொனால்டு சார் உட்கார்ந்து ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதினார். இலவசமாகக் கிடைக்கும் தாளை யார் தயாரித்தார்கள், அவர்கள் பெயர் தாளில் இருக்கிறதா, படியெடுக்க அனுமதி உண்டா. நம் பாடத்தோடு பொருந்துகிறதா. காசு, அளவு, சாப்பாடு, பெயர்கள் எல்லாம் நம் பிள்ளைக்குத் தெரிந்தவைதானா. கேள்வியை ஆசிரியர் விளக்காமலே பிள்ளை புரிந்துகொள்ளுமா. எழுத இடம் போதுமா. கறுப்பு வெள்ளையில் படியெடுத்தாலும் படம் தெரியுமா. விடைத்தாள் சரியா. கடைசியாக, 'எல்லாக் கேள்விகளையும் நாமே பென்சிலால் செய்து பார்த்தாயிற்றா?' ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று தாளைக் கொண்டுவந்தவருக்கு, மற்றது இன்னொரு ஆசிரியருக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரொனால்டு சார் கொண்டுவந்த தாளுக்கு அந்த இன்னொரு ஆசிரியராக அமலராணி உட்கார்ந்திருந்தாள். நான்காம் வகுப்பு 'பி' பிரிவு அவளுடையது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியப் போகிறது. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்ற முடிவு திங்கட்கிழமை. அதற்கான படிவத்தில் குறிப்பு எழுத வேண்டியவர் ரொனால்டு சார். போன வருடம் கிளாரா என்ற ஆங்கில டீச்சருக்கு அவர் எழுதிய குறிப்பு 'ஒத்துழைப்பு போதாது' என்ற இரண்டே சொற்கள். கிளாரா இப்போது எரியோட்டில் தையல் மெஷின் மிதிக்கிறாள்.

மறுநாள் காலை பெற்றோர் நாள். ரொனால்டு சாரின் யோசனைப்படி, பெற்றோர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்காருவார்கள். பிள்ளை கோடுகளை அளந்து எழுத, பெற்றோர் விடைத்தாளைப் பார்த்துத் திருத்துவார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் கணக்கில் தனிப்பயிற்சி யாருக்கு என்று முடிவு.

"போட்டாச்சா டீச்சர்?" ரொனால்டு சார் கதவருகே நின்றார். கையில் ஹெல்மெட்.

"செத்த நேரம் சார். கடைசிக் கட்டம் பாக்கி."

"அதான் நான் செஞ்சு பாத்துட்டேனே. முத கட்டத்துல என் டிக் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்."

"பெறகென்ன? தாளு அம்புட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸ்ல அடுக்கியாச்சு. இனிமே செஞ்சு பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

அவள் ஜெராக்ஸ் தாளில் ஒன்றை முன்னால் இழுத்து வைத்தாள். ஸ்கேலை முதல் கோட்டின்மேல் வைத்தாள். பூஜ்யத்தைக் கோட்டின் முனையில் பொருத்தினாள். மறுமுனை ஏழரையைக்கூடத் தொடவில்லை. விடைத்தாளில் எட்டு என்று இருந்தது.

தன் ஸ்கேல்தான் கோளாறு என்று நினைத்தாள். பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதே அளவு. அடுத்த கோடு விடைத்தாளில் பத்து, ஸ்கேலில் ஒன்பதேகால் சொச்சம். சுற்றளவு கேட்ட செவ்வகத்துக்கு விடை இருபது. அவளுக்கு வந்தது பதினெட்டரைக்குச் சற்று மேல்.

"சார், அளவு சரியா வரல."

ரொனால்டு சார் உள்ளே வந்தார். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்த சத்தம் சற்றுப் பலமாகவே கேட்டது.

"எந்த அளவு?"

"எல்லாமே குறையுது. எட்டு ஏழரைக்குள்ள நிக்குது."

"பிளாஸ்டிக் ஸ்கேலு வெயில்ல கிடந்தா அப்படித்தான்."

"ரெண்டு ஸ்கேல்ல பாத்தேன் சார்."

அவர் தன் பையைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அதிலிருந்து உருவிய தாளில் அதே கேள்விகளுக்குப் பென்சிலால் விடைகள் எழுதியிருந்தன. "இந்தாங்க. பிரவுசிங் சென்டர்ல ரெண்டு எடுத்து ஒண்ணை ஆபீஸ்ல குடுத்தேன், இது அன்னைக்கே செஞ்சது. அங்க உள்ள பையங்கிட்ட, தாளுக்கு ஏத்தாப்ல சுருக்காதே, உள்ள அளவுலயே எடுன்னு பக்கத்துல நின்னு சொல்லி எடுத்தேன். எனக்கு இது தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அளந்து பாருங்க."

அளந்தாள். எட்டு, சரியாக எட்டு. அடுத்தது பத்து.

அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"இப்ப போடுவீங்களா?" என்றார். "பட்டியலை எழுதினவனே நான். எனக்கே பாடம் எடுக்குறீங்க. திங்கக்கெழம உங்க ஃபாரத்துல நான் என்ன எழுதணும், நீங்களே சொல்லுங்க."

பேனா அவள் கையில்தான் இருந்தது. ஒரு டிக், ஒரு கையெழுத்து. அவர் செய்து பார்த்தது பொய்யில்லை. அவள் செய்து பார்த்ததும் பொய்யில்லை. பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனவள் பட்டியலின் முதல் கேள்வியில் நின்றாள். தயாரித்தவர் பெயர் தாளில் இருக்கிறதா? அதற்கு எதிரே ரொனால்டு சாரின் டிக் இருந்தது. அவருடைய தாளின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் அந்த வரியும் இருந்தது: எந்த இணையதளம், வகுப்பறைக்குப் படியெடுக்கலாம், இந்த வரியை நீக்கக் கூடாது. ஜெராக்ஸ் தாளில் அந்த இடத்தில் பள்ளியின் சின்னமும் பெயரும் முகவரியும்.

"சார், இந்தத் தலைப்பு யார் போட்டது?"

"ஆபீஸ்ல. அந்தோணிமுத்து. தலைப்பு இல்லாம ஒரு துண்டுத் தாளு வெளிய போகக் கூடாதுன்னு சிஸ்டர் ஆர்டர். அதுக்கென்ன?"

அவள் இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மேற்கு வெயிலுக்கு நேரே கண்ணாடியில் அழுத்திப் பிடித்தாள். இடது முனைகள் பொருந்தின. வலது பக்கம் ஒரு கோடு முடிந்த பிறகும் மற்றது நீண்டது. செவ்வகத்துக்குள் ஒரு செவ்வகம் தெரிந்தது.

ரொனால்டு சார் பின்னால் வந்து நின்றார்.

"அந்தோணி," என்று வராந்தாவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அலுவலக உதவியாளர் அந்தோணிமுத்து வந்தார். நாற்பது வயது மனிதர், எப்போதும் காதில் ஒரு பேனா.

"ஜெராக்ஸ் கடையில என்ன சொல்லி எடுத்தீக?"

"தலைப்பு ஒட்ட மேல எடம் பத்தல சார். கடைக்காரர் கொஞ்சமா சின்னதாக்கித் தாரேன்னாரு. நல்லாத்தான வந்திருக்கு? எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுது."

"தெரியுது, தெரியுது," என்றார் ரொனால்டு சார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு அமலராணியைப் பார்த்தார். "மூணு வழிதான் இருக்கு. ஒண்ணு, நீங்க கையெழுத்துப் போடுறீங்க, நாளைக்கு வர்றது வரட்டும். ரெண்டு, விடையை மாத்துறோம்."

"ஏழு புள்ளி நாலுன்னா சார்? நாலாப்புப் பிள்ளைக்கு முழு சென்டிமீட்டர்தான் நடத்தியிருக்கோம். சரியா அளந்த பிள்ளை முழிக்கும். பக்கத்துல அப்பா விடைத்தாளோட உக்காந்திருப்பாரு."

"மூணாவது, சிஸ்டர்கிட்டப் போகணும். அவுக ஆர்டராலதான் இப்படி ஆச்சுன்னு அவுககிட்டயே சொல்லணும். நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன் சார்," என்றாள்.

பாத்திமா சிஸ்டர் மறுநாளுக்கான நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ரொனால்டு சாரும் கூடவே வந்து நிற்க, அமலராணி தாள்களை நீட்டி நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் மேசையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் தானே அளந்தார். முதலில் ஜெராக்ஸ் தாள், பிறகு மற்றது.

"உன் கையெழுத்து மட்டும்தான பாக்கி?"

"ஆமா சிஸ்டர்."

"போட மாட்டியா?"

"இந்தத் தாளுக்குப் போட முடியாது சிஸ்டர்."

"உனக்கு எப்ப கன்ஃபர்மேஷன்?"

"திங்கக்கெழம."

சிஸ்டர் ரொனால்டு சாரின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்? நாளைக்குக் காலைல ஆத்தூர்ல இருந்தெல்லாம் ஆள் வருது."

ரொனால்டு சார் பட்டியலை வாங்கினார். முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் எதிரே தான் போட்டிருந்த டிக்குகளை அடித்தார். அருகில் சுருக்கொப்பமிட்டார். "நான் பாத்த தாளு வேற, பிள்ளைக்குப் போற தாளு வேற, சிஸ்டர். தலைப்பு ஒட்டாம விடுங்க. இப்பவே போய் எடுத்துட்டு வந்துர்றோம்."

"தலைப்பு இல்லாமலா?"

"பின்பக்கம் பள்ளிக்கூட சீல் குத்திக்கலாம் சிஸ்டர்," என்றாள் அமலராணி.

சிஸ்டருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்குக் கரண்ட் போயிரும். ஓடுங்க."

ஜெராக்ஸ் கடையில் கூட்டம். நியாயவிலைக் கடை அட்டைகளோடு நின்றவர்களிடம் ரொனால்டு சார் கெஞ்சி முன்னால் போனார். பென்சில் விடைகளை அமலராணி ரப்பரால் அழித்துக் கொடுத்தாள். கடைக்காரர் தாளை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தி, வரிசையாக எடுக்கத் தொடங்கினார்.

"நிறுத்துங்க," என்றார் ரொனால்டு சார். "முதத் தாளைக் குடுங்க."

"ஏன் சார், கரண்டு போகப் போகுது."

"குடுங்கங்கிறேன்ல."

சூடாக வந்த தாளைக் கண்ணாடி அலமாரியின்மேல் வைத்து அளந்தார். ஏழரைக்குள் நின்றது. மத்தியானம் சுருக்கி வைத்த அளவு இயந்திரத்தில் அப்படியே இருந்தது. கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, நூற்றுக்கு நூறு என்று மாற்றினார். அடுத்த தாளை ரொனால்டு சார் தொடவில்லை. ஸ்கேலை அமலராணியிடம் நீட்டினார்.

எட்டு. பத்து. செவ்வகம் இருபது.

"போடுங்க," என்றாள் கடைக்காரரிடம். கடைசிக் கட்டு வெளியே வந்து அதை அவர்கள் தட்டி அடுக்கும்போதுதான் தெரு இருண்டது. கடையின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள். ரொனால்டு சார் அடித்த இடங்களில் மறுபடி டிக் போட்டார். கடைசிக் கேள்வியின் கீழே ஒரு வரி எழுதினார்: 'பிள்ளை கைக்குப் போகும் அதே நகலில்.'

வண்டியைக் கிளப்பும்போது, "ஒரு விஷயம் டீச்சர்," என்றார். "அடுத்த தடவை முதல்லயே ஜன்னலுக்குப் போயிருங்க. என்கிட்ட இம்புட்டுப் பேச்சு வாங்க வேண்டாம்." சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சிஸ்டர் இருவரையும் அழைத்தார். படிவம் கையில் இருந்தது. அமலராணி நின்றுகொண்டே இருந்தாள்.

சிஸ்டர் வாசித்தார். "'சொன்னால் கேட்க மாட்டார். செய்து பார்த்த பிறகே கையெழுத்திடுவார்.' இது குறையா சார், நிறையா?"

"ரெண்டும்தான் சிஸ்டர்," என்றார் ரொனால்டு சார். "அஞ்சாப்புக்கு ஒரு தாளு எடுத்து வச்சிருக்கேன். ரெண்டாவது கட்டத்துக்கு ஆள் வேணும்."

சிஸ்டர் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார். அமலராணி அப்போதுதான் உட்கார்ந்தாள்.