மிச்ச நாலு

மிருதங்கம் பழகும் பிறின்சி, மிஸ்ரசாபு என்ற ஏழு மாத்திரைத் தாளத்தை என்றைக்கும் முழுசாகச் சொன்னதில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்த அவளுக்கும் அண்ணன் மெல்ரொனுக்கும் அது விளையாட்டு. ஏழு மாத்திரையை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் வேகம் கூடக் கூட எந்தக் கொம்பனுக்கும் குழறும். சொற்கட்டாகச் சொன்னால் நாக்கே கணக்குப் பார்த்துக்கொள்ளும். "தகிட" என்று அவள் மூன்றைச் சொல்ல, "தகதிமி" என்று அவன் நாலைச் சொல்வான். தட்டு மூன்று: தகிடவின் தலையில் ஒன்று, தகவில் ஒன்று, திமியில் ஒன்று. அலுத்துப்போனால் கண்ணைச் சிமிட்டிப் பங்கை மாற்றிக்கொள்வார்கள்: மூன்று அவனுக்கு, நாலு அவளுக்கு.

போன வாடைக்காற்றில் மெல்ரொன் கடலுக்குப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அதற்குப் பிறகும் அவள் மூன்றைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அந்த இடைவெளியில் அவன் குரல் கேட்கும், தட்டோடு ஒட்டிக் கேட்கும். தாய் அருளம்மாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"போனவனோடை கதைச்சுக்கொண்டிராதை பிள்ளை. அந்த நாலையும் நீயே சொல்லன்."

"நான் சொன்னா அவன் எதையம்மா சொல்லுவான்?"

மிருதங்கப் பரீட்சை நெருங்க நெருங்கக் குரல் தேயத் தொடங்கியது. தகதிமி என்று கேட்டது தகதி என்று அறுந்தது. நாலு மூன்றாகிவிட்டால் ஏழு ஆறுதானே? அடுத்த தகிடவை அவள் ஒரு மாத்திரை முந்தி எடுத்தாள், தாளம் உடைந்தது. மறப்பது அவனா, தானா?

கிளிநொச்சியில் பரீட்சை. பரீட்சகர் கஜனி ரீச்சர் மிருதங்கத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

"முதல்ல வாயாலை. வாயில நிக்காதது கையில நிக்காது. தாளத்தைப் போட்டுக்கொண்டு மிஸ்ரசாபு சொல்லும்."

"தகிட..." என்றாள் பிறின்சி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. இன்றைக்கு அந்த அறுந்த குரல்கூட வரவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"மிச்ச நாலு எங்கை பிள்ளை? இன்னொருக்கா விடுறன். இதுதான் கடைசி."

சொல்லாவிட்டால் பரீட்சை போகும். சொன்னால் அண்ணனுக்கு இருக்க இடமே இராது. கண்ணை மூடித் தட்டைப் போட்டாள். தாளம் தன்பாட்டில் ஓட, அவனுடைய நாலை வாய்விட்டுச் சொன்னாள். தகதிமி. மறுசுற்றிலும் தகதிமி. வேகத்தை இரட்டித்தபோதும் ஒரு தட்டும் விலகவில்லை. எப்போது முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கஜனி ரீச்சர் பேனையைக் கீழே வைத்தார்.

"தாளம் ஒரு இடத்திலையும் பிசகேல்லை. ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை. கடைசி வரைக்கும் தகதிமி மட்டும்தானே சொன்னீர். முன்னுக்கு வாற மூண்டையும் ஏன் விட்டனீர்?"

பிறின்சி கண்ணைத் திறந்தாள்.

"ரீச்சருக்குக் கேக்கேல்லையோ?" என்றாள்.