பின்பக்கம் வந்த இருவர்

ஆவடி சோதனைத் தடத்தில் நின்ற டாங்கியின் கமாண்டர் இருக்கையில் ஹெலினா உட்கார்ந்திருந்தாள். கவசப் பிரிவின் பொறியாளர் அவள். முன்பக்கத்தில் அவள் பொருத்தியிருந்த வெடிகவசப் பெட்டிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ராணுவம் இரண்டு காலாட்படை வீரர்களை அனுப்பியிருந்தது. ஹவில்தார் வேம்புலி சுடுபவர். மற்றவர் குண்டு நிரப்புபவர். அவர்கள் கையில் இருந்ததோ காலி ராக்கெட் லாஞ்சர். ஹெலினாவின் கண்ணில் படாமல் நெருங்கிக் குறிபார்த்துவிட்டால் அவர்கள் வென்றதாகக் கணக்கு.

ஹெலினா பெரிஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேலிக்காத்தான் புதர், மண்மேடு, வெயில். ஆள் நடமாட்டமே இல்லை.

திடீரென்று பின்னால் இரும்பில் தட்டும் சத்தம். அவள் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். எஞ்சின் பக்கம் வேம்புலி நின்றிருந்தார்.

"பின்னாடி மண்மேட்லயே உங்க வண்டிய முடிச்சிட்டோம் மேடம். சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கீழே இறங்கினாள்.

"முன்பக்கம் இவ்ளோ போட்டிருக்கேனே சார். உங்க குண்டு பட்டா பெட்டி வெடிச்சு, அதோட தகடு பறந்து தாரையைக் கலைச்சிடும்."

அந்தத் தாரையை அவள் நன்றாக அறிவாள். குண்டுக்குள் இருக்கும் செம்புக் கூம்பு, வெடிப்பின் அழுத்தத்தில் உள்மடிந்து ஊசிபோல் நீளும். எஃகை உருக்காது, அசுர வேகத்தில் குத்தி விலக்கிக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு மனிதன் தோளில் சுமக்கிற எடை ஒரு டாங்கியை அழிக்கப் போதுமானதாகிறது.

"அது சரி மேடம். முன்னாடி வந்து எவன் அடிப்பான்? எஞ்சின் பக்கம் தகடு மெலிசா கீது. அப்பிடியே முன்னாடி அடிச்சாலும் இப்ப ரெட்டைக் குண்டு வந்துடுச்சு. சின்னது பெட்டிய வெடிக்க வெக்கும், பெருசு பின்னாலயே பூந்துடும்."

"அப்ப இன்னா பண்ணலாம்?" என்று அவர் பாணியிலேயே கேட்டாள்.

"எங்களப் பாக்கணும். பாத்துட்டா நாங்க காலி. சுட்டா பின்னால நெருப்பும் புழுதியும் கெளம்பும், எடம் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னயே பாக்கணும்."

அன்று மாலையே ஹெலினா வரைபடத்தைத் திருத்தினாள். சில பெட்டிகளை எடுத்துவிட்டு, மிச்சமான எடையில் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெப்பக் கேமராக்கள் வைத்தாள். பிரிவுத் தலைவர் ஹேமநாதன் முதலில் முகம் சுளித்தார். மண்மேட்டு விஷயத்தைச் சொன்னதும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் அதே இருவரும் வந்தார்கள். இந்த முறை திரையில் புதருக்குள் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் ஊர்ந்தன. ஹெலினா பீரங்கிக் கோபுரத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். வேம்புலி எழுந்து, லாஞ்சரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"தோத்துட்டோம் மேடம்," என்றார் மூச்சு வாங்க. ஜெயித்தவர்போல் இருந்தது முகம். "அடுத்த தபா ரெண்டு கிலோமீட்டர் தள்ளி நின்னுகினு ஏவுகணை வெச்சு அடிப்போம். அதுக்கும் எதாச்சும் யோசிச்சு வையுங்க."

"யோசிக்கிறேன். முதல்ல கேண்டீன் போலாம், பிரியாணி தீர்ந்துடும்."

மூவரும் வெயிலில் பேசிக்கொண்டே நடந்தார்கள்.