மூன்று மணிக்கு மூடும் பெட்டி

டெண்டர் பெட்டிக்குள் உறை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் பசி எடுத்தது. மணி ஒன்றரை. எதிர்க் கடையில் டீ வந்தது. அவர் மனைவி குடிக்காமல், செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்திருந்த அறிவிப்பைப் பத்தாவது முறையாகப் பிரித்தாள். நாலரை கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை. படிவ விற்பனை நேற்றோடு முடிந்தது. உறை போட இன்று மூன்று மணி வரை. மூன்றரைக்குத் தகுதி உறை, ஐந்துக்கு விலை உறை திறப்பு.

"ஏங்க, டெபாசிட் டிடி தகுதி உறையிலதான இருக்கு?"

"விலை உறைக்கு மாத்திட்டேன். பணம் பணத்தோட இருக்கட்டும்னு."

அவர் பிறந்தது கடைக்காரக் குடும்பம். ரசீது, சில்லறை, காசோலை எல்லாம் ஒரே டப்பாவில் போட்டு வளர்ந்த கை. காலையில் அவள் சரியாக வைத்ததை, ஒட்டுவதற்கு முன் அந்தக் கைதான் 'ஒழுங்கு' செய்திருந்தது.

அவள் விரல் எட்டாவது வரியில் நின்றது. முன்வைப்புத் தொகைக்கான வங்கி வரைவோலை தகுதி உறையில் இல்லாவிட்டால் விலை உறை பிரிக்கப்படாமல் திருப்பித் தரப்படும்.

போனால் போகிறது என்று விடுகிற டெண்டர் இல்லை இது. ஐந்து வருடத்துக்குள் இதே அளவு சாலை ஒன்றை முடித்த சான்றிதழ் வேண்டும். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்த மாதம் அதற்கும் ஐந்து வருடம் தாண்டிவிடும். இன்றைக்கு விட்டால், இனி சாக்கடை மூடி போடும் வேலைக்குத்தான் லாயக்கு.

இருவரும் அலுவலகத்துக்குள் ஓடினார்கள். பூட்டின் இரண்டு சாவியும் இரண்டு அதிகாரிகளிடம் இருப்பதாகவும், மூன்றரைக்கு முன் கடவுளே வந்தாலும் திறக்காது என்றும் எழுத்தர் தலையைத் தூக்காமலே சொன்னார். ஆனால் மூன்றுக்குள் 'திருத்தம்' என்று மேலே எழுதி இன்னொரு உறை போட அறிவிப்பிலேயே இடம் உண்டாம். அதில் வேறு டிடி வைக்கலாமாம். வேறு டிடிக்குப் பணம்? வங்கிக் கணக்கைத் துடைத்துத்தான் முதல் டிடியே எடுத்தது.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்கு ரோலர் என்று பெயர். எதிரே வந்ததை நசுக்கிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார். படிவம் வாங்கிய இன்னொரு ஆள் அவர் மட்டும்தான்.

ஒப்பந்ததாரர் வாயைத் திறந்தார். மனைவி அவர் காலை மிதித்தாள்.

"விடுங்க, வீட்டுக்குப் போலாம். மறு டெண்டர் வராமலா போயிடும்?"

ரோலரின் முகம் மாறியது. ஒற்றை உறை மட்டும் தேறினால் அலுவலகம் ரத்து செய்து மறுபடி அழைக்கும். அதற்கு நாற்பது நாள். அதற்குள் மழை வந்துவிடும். ஆட்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

"இரும்மா தங்கச்சி. டிடிக்கு நான் தர்றேன்."

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்? இவருக்கும் மனசு இல்ல."

மனசு இல்லாதவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வட்டி வேண்டாம் என்றார் ரோலர். ஒரு மாதத் தவணை என்றார். அவள் வாசல் பக்கம் திரும்பினாள். மூன்று மாதம் என்றார். அவள் செருப்பை மாட்டினாள். முதல் டிடி திரும்பி வரும் அன்றைக்குத் தந்தால் போதும் என்றார். "அண்ணன் இவ்வளவு சொன்னப்புறம்..." என்று அவள் செருப்பைக் கழற்றும்போது மணி இரண்டே கால்.

ரோலர் கைபேசியைத் தட்டியதும் பணம் வந்தது. வங்கியில் அச்சு இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டது. எழுத்தரின் சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பத்தாறு காட்டும்போது திருத்த உறை பெட்டிக்குள் விழுந்தது.

மூன்றரைக்குப் பெட்டி திறந்தார்கள். டிடி இருந்தது. கோட்டப் பொறியாளர் தகுதி ஆவணங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். சாலை முடித்த சான்றிதழின் தேதியையும் படித்தார்.

ரோலர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். ஒரு மாதம் பொறுத்திருந்தால் இந்த ஆள் வாசற்படியையே மிதித்திருக்க முடியாது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் விட்டத்து மின்விசிறியைப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு விலை உறை. ரோலர் மதிப்பீட்டுக்கு ஒன்றரை சதவீதம் குறைத்திருந்தார். ஒப்பந்ததாரர் இரண்டு. வேலை அவருக்கு.

வெளியே வந்ததும் ரோலர் ஒப்பந்ததாரரை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"மறு டெண்டர் வரும்னியே தங்கச்சி?"

"வரும்ணே. எங்களுக்கு வரும்னு நான் சொல்லலையே."