சிம்பாங் அம்பாட்டைக் கேட்காதவன்

பிஸ்கட் கம்பெனியின் கணினி அறைச் சுவரில் ஞானாம்பிகை ஒரு தாளை ஒட்டியிருந்தாள். இரவில் ஆர்டர்களைக் கிடங்குக்கு அனுப்பும் வேலை 'தோல்வி' என்று அறிக்கை தந்தால், அந்த வாரம் முறையில் இருப்பவர் என்ன பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருந்தது.

அம்பிகைபாகன் அதைப் படித்ததே இல்லை. அனுப்பும் புரோகிராமை எழுதியவனே அவன். மானேஜர் குலசேகரம் ஓய்வு பெறப்போகிறார்; அந்த நாற்காலி தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். போட்டிக்கு ஞானாம்பிகை மட்டும்தான்.

அவன் முறையில், ஒரு காலை, திரையில் 'தோல்வி' என்று நின்றது.

"அண்ணே, தாள்ல முதல்ல சிம்பாங் அம்பாட் கிடங்குக்குப் போன் போடச் சொல்லியிருக்கு," என்றாள் ஆபரேட்டர் ஜெயலெட்சுமி. "அங்க கணினியில கடைசியா எந்த ஆர்டர் நம்பர் ஏறியிருக்குன்னு கேக்கணுமாம். எல்லாம் போயிருந்தும், பதில் வரதுக்குள்ள லைன் அறுந்தா இங்க தோல்வின்னுதான் வருமாம்."

"இந்தச் சமையல் குறிப்பை வேற ஆள்கிட்ட படிச்சுக் காட்டு லா. மறுபடி அனுப்பு."

"கேட்டுட்டு அனுப்பலாமே அண்ணே?"

அவனே விசையைத் தட்டினான். 'வெற்றி' என்று வந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோப்பி குடிக்கப் போனான். வேலை முடித்த களைப்பாம்.

ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால் தடுக்கும் சோதனையை அந்த மேதை தன் புரோகிராமில் எழுதவில்லை.

கோப்பிக் கடையில் கதையடித்துவிட்டு மத்தியானம் அவன் திரும்பும்போது, கிடங்கு மேற்பார்வையாளர் முனுசாமி போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு கடைக்கும் ரெண்டு டெலிவரி சீட்டு அடிச்சிருக்கு! பாதி லோரி பாலம் தாண்டித் தீவுக்குப் போயிருச்சு. ஜெலுத்தோங் கடைக்காரன், 'பிஸ்கட்டை எங்க தலையிலயா வைக்கிறது'ங்கிறான்!"

ஞானாம்பிகை ஜெயலெட்சுமியிடமிருந்து போனை வாங்கினாள். "அண்ணே, லோரியில ஏத்தறத நிறுத்துங்க. வேற யாரும் கணினியைத் தொட வேண்டாம். நேத்து ராத்திரி அனுப்பறதுக்கு முந்தி நகல் எடுத்த டேப்பைப் போட்டு, பழைய நிலைக்குக் கொண்டு வாங்க. அப்புறம் நான் ஒரே தடவை அனுப்புறேன்."

குலசேகரம் வந்தார். அம்பிகைபாகன் முந்திக்கொண்டான்.

"லைன் கோளாறு சார். அந்தத் தாளும் குழப்பமா இருக்கு."

"எந்த வரி?"

அவன் திரும்பிச் சுவரில் தாளைத் தேடினான்.

"படிச்சீங்களா இல்லையா?"

ஜெயலெட்சுமி கூரையைப் பார்த்தாள்.

"நல்லது," என்றார் குலசேகரம். "கடைக்காரங்களுக்கெல்லாம் நீங்களே போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. முடிஞ்சதும் ஞானாகிட்ட வந்து சொல்லுங்க. அடுத்த மாசத்திலிருந்து எல்லாத்தையும் அவங்ககிட்டதான் சொல்லணும். இன்னைக்கே பழகிக்கங்க."