குழம்பில் கரைத்த மாத்திரை

இருசம்மாள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததுமே நர்ஸ் கமலவேணிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்தது. ரெட்டிபாளையத்திலிருந்து காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். தலை வாரவில்லை. இடுப்பில் குழந்தை.

"ரெண்டு நாளா அவரு நான் வெச்ச சோத்தைத் தொடல சிஸ்டரம்மா. விஷம் வெக்கிறேங்குறாரு."

அவள் புருஷன் அரியமுத்து சுண்ணாம்புக்கல் குழியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவன். போன வருஷம், 1984இல், யாருமில்லாத இடத்தில் பேச்சுக்குரல் கேட்பதாகச் சொல்லத் தொடங்கினான். திருச்சி பெரியாஸ்பத்திரி டாக்டர் மனச்சிதைவு நோய் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊருக்கு அனுப்பியபின் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரியலூர் பக்கம் ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த கமலவேணிக்கு வந்தது. மனநோய் நர்ஸ் படிப்பு படித்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

அவரே உட்கார்ந்து திட்டம் எழுதினார். மருந்து தவறக் கூடாது. குரல் கேட்டால் என்ன செய்வது, நாலு பேரோடு பழகுவது, வீட்டார் எப்படி நடந்துகொள்வது, எல்லாம் அதில் இருந்தது. மருந்துக்கு நேராக, "எப்படியாவது மனைவி கொடுத்துவிட வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

"மாத்திரையை வாயில போட்டுக்கிட்டு, கொல்லைல போய்த் துப்பிட்டு வந்தாரு. நீங்க எப்படியாவதுன்னு சொன்னீங்க. அதான் பொடி பண்ணிக் குழம்புல கரைச்சேன். முந்தாநாளு அம்மியில பொடி பண்ணுறப்ப பாத்துட்டாரு."

மனைவி விஷம் வைக்கிறாள் என்று குரல் சொல்லிக்கொண்டிருந்த மனிதனுக்கு, அதைக் கண்ணெதிரேயே காட்டியாகிவிட்டது.

"இது உன் தப்பு இல்ல இருசம்மா. நான் எழுதுனது தப்பு."

அந்தப் பஸ் திரும்பும்போது அதிலேயே இருவரும் ரெட்டிபாளையம் போனார்கள். அரியமுத்து வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தான். கமலவேணி எட்டவே உட்கார்ந்தார்.

"குழம்புல உங்க மனைவி மாத்திரைதான் போட்டாங்க. விஷம் இல்ல. ஆனா உங்களுக்குச் சொல்லாம போட்டது தப்பு. அதுக்கு நான்தான் காரணம்."

அவன் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"மாத்திரை ஏன் துப்புனீங்க?"

"கை நடுங்குது. டீக்கடையில கிளாஸ் பிடிக்க முடியல. மேலெல்லாம் ஊத்திக்கிட்டேன். எல்லாரும் சிரிச்சானுங்க. ஒடம்பு கட்டை மாதிரி வெறைச்சிக்குது."

இதை யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. கமலவேணியும்தான்.

"இப்ப குரல் கேக்குதா?"

"ஒங்களுக்குக் கேக்கலியா?"

"எனக்குக் கேக்கல. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன். பயமாத்தான் இருக்கும். யாரையாவது ஏதாவது செய்யச் சொல்லுதா?"

அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவளக் கெணத்துல தள்ளுங்குது. நான் மாட்டேங்குறேன். விடமாட்டேங்குது சிஸ்டர்."

கமலவேணி அதற்குமேல் தாமதிக்கவில்லை. குழந்தையோடு இருசம்மாளைப் பக்கத்து வீட்டில் இருக்கச் சொன்னார். அரியமுத்துவின் அக்கா பொன்னாயியை அழைத்துக்கொண்டு, அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். அவன் மறுக்காமல் வந்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தது.

மூன்று வாரம் வார்டில் இருந்தான். டாக்டர் மருந்தை மாற்றினார், நடுக்கத்துக்குத் தனி மாத்திரை சேர்த்தார். மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டால் தினமும் விழுங்கும் மாத்திரையைக் குறைக்கலாம் என்றார்.

"அத யாரும் சோத்துல கலக்க முடியாதுல்ல?" என்று அரியமுத்து கேட்டான்.

"முடியாது. உங்களுக்குத் தெரியாம போடவும் முடியாது."

சரி என்றான்.

இந்தமுறை திட்டத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எழுதினார்கள். மீதி மாத்திரையை அவன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொள்வான், பொன்னாயி பார்த்துக்கொண்டிருப்பாள். கல் ஏற்றும்போதும் யாரோடாவது பேசும்போதும் குரல் அடங்குகிறது என்று அவனே சொன்னான், அதையும் எழுதினார்கள். தள்ளு, அடி என்று சொல்லத் தொடங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். டீக்கடைக்குப் போவதற்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒத்திகை நடந்தது. கமலவேணி கடைக்காரராக நடித்தார். சிரிக்கிறவனாகப் பொன்னாயி. "ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்பப் பரவாயில்ல" என்று சொல்ல அவனுக்கு நாலு நாள் பிடித்தது.

இருசம்மாள் குழந்தையோடு மீன்சுருட்டியில் தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். "இது வேணும்னு செய்யறதில்ல, நோவு. கத்தாதீங்க, குத்திக்காட்டாதீங்க" என்று கமலவேணி வீட்டாரையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துச் சொன்னபோது அவளும் தலையாட்டினாள். பிறகு தனியாக வந்து நின்றாள்.

"திரும்பவும் கெணத்துல தள்ளச் சொல்லாதுன்னு உங்களால சொல்ல முடியுமா சிஸ்டரம்மா?"

"சொல்ல முடியாது. ஊசி தவறாம இருந்தா கொறையும். குரல் அப்படிச் சொன்னா நம்மகிட்ட மறைக்காம சொல்லுவாரு. அது கொறையுற வரைக்கும் வீட்டுக்குத் திரும்ப அவசரப்படாத."

நாலாவது மாத ஊசிக்கு அரியமுத்து தானாகவே பஸ் ஏறி வந்தான். குரல் இன்னும் இருக்கிறது, ஆனால் தூரத்தில் பேசுவதுபோல இருக்கிறது என்றான். மீன்சுருட்டிக்கு ஒரு தடவை போயிருந்தானாம். மாமியார் வீட்டில் சோறு போட்டார்கள். இருசம்மாள் அதே சட்டியிலிருந்து தனக்கும் போட்டு, முதலில் தின்று காட்டினாள்.

"சாப்பிட்டீங்களா?"

"பாதி. அதுக்கு மேல எறங்கல." ஊசிக்காகச் சட்டைக் கையை மடித்து மேலே தூக்கினான். "அவ ஒண்ணும் சொல்லல."